ரிப்போர்ட் முழுக்க ‘ப்பட்டது’: செய்வினையா மாத்தினா அர்த்தம் மாறுதே?

ஏரிக்கரை குமார்:
எங்க ட்ரஸ்ட் போன வருஷம் ஒரு ஏரிய தூர்வாரினதுக்கு 38 பக்கம் ரிப்போர்ட் எழுதினோம். பணம் குடுத்தவங்க படிச்சிட்டு, எல்லாமே செய்யப்பட்டது செய்யப்பட்டதுன்னு இருக்கு, யார் செஞ்சாங்கன்னே புரியல, செய்வினையா மாத்திக் குடுங்க, ஆனா அர்த்தமும் காலமும் மாறக் கூடாதுன்னுட்டாங்க. எப்படி மாத்துறது? சாம்பிளுக்கு நாலு:

சீமைக்கருவேல மரங்கள் வேரோடு அகற்றப்பட்டுள்ளன.
வடக்கு மதகு உடைக்கப்பட்டிருந்தது.
ஊராட்சி சார்பில் டீசல் வழங்கப்பட்டது.
கிழக்குக் கரை ஆக்கிரமிப்பு இதுவரை அகற்றப்படவில்லை.

ராக்கெட் ரவி:
இதுக்குப் போய் மண்டைய உடைச்சிக்கிறீங்களே ப்ரோ. ‘ப்பட்ட’ன்னு தேடுங்க, வர்ற எடத்துலெல்லாம் மாத்திட்டே போங்க, ஒரு மதியம் போதும். மரங்களை அகற்றினோம். மதகு உடைந்திருந்தது. ஊராட்சி டீசல் வழங்கியது. ஆக்கிரமிப்பை அகற்றவில்லை. நாலும் முடிஞ்சிது.

மெய்ப்பு மல்லிகா:
ரவி தம்பி, நாலும் முடியல, நாலும் மாறிப்போச்சு. கோவிச்சுக்காதீங்க, 20 வருஷமா ப்ரூஃப் பாக்குறவ, கண்ணுல படுது, சொல்லாம போக முடியல.

கடைசிலேர்ந்து வரேன், ஏன்னா அதுதான் ஆபத்து. ‘அகற்றவில்லை’ங்கிற வினைமுற்றுல ஆளே கெடையாது, நான் அகற்றவில்லை, அவங்க அகற்றவில்லை, எல்லாத்துக்கும் ஒரே வடிவம். சரி, ஆளில்லாம எழுதினா படிக்கிறவன் யார நெனப்பான்? ரிப்போர்ட் எழுதினது ட்ரஸ்ட், அதுக்கு முந்தின வரியெல்லாம் ‘தூர்வாரினோம், கரையைப் பலப்படுத்தினோம்’னு மாறியிருக்கும், அதனால இதையும் உங்க தலையிலதான் வைப்பான். அதிகாரிங்க செய்ய வேண்டிய வேலைய நீங்க செய்யாம விட்டதா ஆயிடும். ‘அகற்றப்பட வேண்டும்’ன்னு வர்ற பரிந்துரைகளும் இதே கதைதான், ‘அகற்ற வேண்டும்’ன்னு சுருக்கிட்டா யார் அகற்றணும்ங்கறது காத்துல தொங்கும். அந்த மாதிரி எடத்துல எழுவாய எழுதித்தான் ஆகணும்.

முதல் வாக்கியம். ‘அகற்றப்பட்டுள்ளன’க்கு ‘அகற்றியுள்ளோம்’, ‘அகற்றினோம்’ இல்ல. ‘உள்ள’ன்னு வந்தா இப்பவும் அந்த நெலம இருக்குன்னு சொல்றோம், ‘அகற்றினோம்’னா அன்னிக்கு செஞ்சோம், அவ்ளோதான். அதே மாதிரி ‘அகற்றப்பட்டு வருகிறது’ன்னு இருந்தா ‘அகற்றி வருகிறோம்’, ‘அகற்றப்பட்டிருந்தது’ன்னா ‘அகற்றியிருந்தோம்’. ‘பட்டு’ங்கறத மட்டும் கழட்டுங்க, அதுக்குப் பின்னாடி வர்ற துணைவினைய தொடாதீங்க, காலம் அதுலதான் உக்காந்திருக்கு.

ஏரிக்கரை குமார்:
அக்கா, சீமைக்கருவேலம் ரெண்டு எடத்துல திரும்ப துளுத்துடுச்சே. அப்போ ‘அகற்றியுள்ளோம்’னு எழுதலாமா?

மெய்ப்பு மல்லிகா:
அது வினையோட பிரச்சன இல்ல குமார், முதல்ல எழுதின ‘அகற்றப்பட்டுள்ளன’வே அப்போ பொய்தான். செய்வினையாக்கும்போது இந்த மாதிரி சமாசாரம் வெளிய வரும். ஆனா அத நீங்களா காலத்த மாத்தி மறைச்சிடாதீங்க, தனியா ஒரு வரி சேருங்க.

ஓய்வு இன்ஜினியர்:
நான் இந்த வேலையே வேணாம்னு சொல்றவன். 31 வருஷம் எஸ்டிமேட்டும் ரிப்போர்ட்டும் எழுதியிருக்கேன், எல்லாமே செயப்பாட்டுவினைலதான். காரணம் இருக்கு. ரிப்போர்ட்டுல ஹீரோ ஏரி. மதகு சீரமைக்கப்பட்டது, கரை உயர்த்தப்பட்டது, கலிங்கு பூசப்பட்டதுன்னு எழுதினா கண்ணு ஏரி மேலேயே இருக்கும். நீங்க சொல்ற மாதிரி மாத்தினா நாங்கள் சீரமைத்தோம், நாங்கள் உயர்த்தினோம், நாங்கள் பூசினோம்னு கட்சிக்காரங்க நோட்டீஸ் மாதிரி ஆயிடும்.

மெய்ப்பு மல்லிகா:
சார், நீங்க சொல்றது இங்கிலீஷுக்குப் பொருந்தும். அதுல பொருள வாக்கியத்துக்கு முன்னாடி கொண்டு வரணும்னா வினைய திருப்பியே ஆகணும். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லியே. ‘மதகைச் சீரமைத்தோம், கரையை உயர்த்தினோம், கலிங்கைப் பூசினோம்.’ ஏரி முன்னாடியே நிக்குது, ‘நாங்கள்’ங்கற வார்த்த ஒரு தடவ கூட வரல, யாருங்கறத அந்த ‘ஓம்’ சொல்லிடுது. ரெண்டாம் வேற்றுமை ‘ஐ’ போட்டு வலி மிகுத்தா போதும், வரிசைய கலைக்கவே வேணாம்.

ஓய்வு இன்ஜினியர்:
ம்ம், அது சரி. ஆனா ‘312 மரக்கன்றுகள் நடப்பட்டன’ன்னு இருந்தா? ‘312 மரக்கன்றுகளை நட்டோம்’னா ஏதோ முன்னாடியே சொல்லி வச்ச 312 கன்னு மாதிரி கேக்குதே.

மெய்ப்பு மல்லிகா:
கரெக்டா புடிச்சீங்க. அங்க ‘ஐ’ வேணாம், ‘312 மரக்கன்றுகள் நட்டோம்’. புதுசா சொல்ற பொருளுக்கு ‘ஐ’ இல்லாம விடலாம், ஏற்கனவே பேசின பொருள்னா ‘அந்தக் கன்றுகளை வேலி போட்டுப் பாதுகாத்தோம்’. எல்லாத்துலயும் ‘ஐ’ ஒட்டுறதுதான் இப்ப நெறைய பேர் பண்ற தப்பு.

டென்த் டீச்சர்:
எங்க ஸ்கூல்ல பசங்களுக்கு நான் சொல்லித் தர்றது, ஹேவ் பீன் வந்தா ஹேவ் போட்டு வெர்ப்போட மூணாவது ஃபார்ம் எழுதணும், ‘பை’க்கு அப்புறம் இருக்கற ஆள முன்னாடி கொண்டு வரணும். எக்ஸாம்ல அஞ்சு மார்க். சாரோட ரிப்போர்ட் இங்கிலீஷ்ல எத்தன பக்கம்?

ஏரிக்கரை குமார்:
தமிழ் ரிப்போர்ட் மேடம் 😅

டென்த் டீச்சர்:
அய்யோ சாரி. ஆனா அதே ரூல்தானே? ‘ஆல்’ இருக்கறத முன்னாடி கொண்டு வாங்க.

மெய்ப்பு மல்லிகா:
பாதி சரி மேடம். ‘மழையால் கரை அரிக்கப்பட்டிருந்தது’ன்னா ‘மழை கரையை அரித்திருந்தது’, ஒத்துக்கறேன். ஆனா ‘ஜேசிபியால் தூர்வாரப்பட்டது’ன்னு இருந்தா ‘ஜேசிபி தூர்வாரியது’ன்னா எழுதுவீங்க? ‘ஆல்’ கருவிக்கும் வரும், செஞ்சவனுக்கும் வரும், காரணத்துக்கும் வரும். கருவின்னா ‘ஜேசிபி வைத்துத் தூர்வாரினோம்’. இன்னொன்னு, அந்த மூணாவது வாக்கியத்துல ‘ஊராட்சி சார்பில்’னு இருக்கு. டீசலுக்கு பில் யார் பேர்ல குமார்?

ஏரிக்கரை குமார்:
இப்பதான் ஃபைல் பாத்தேன். பில்லு ஊர்ல ஒரு அரிசி மில் ஓனர் பேர்ல இருக்கு. ஊராட்சி கேட்டதுக்கு அவர் குடுத்தாரு.

மெய்ப்பு மல்லிகா:
பாத்தீங்களா. ரவி எழுதின ‘ஊராட்சி வழங்கியது’ நேரா தப்பு. ‘சார்பில்’, ‘மூலம்’, ‘வாயிலாக’ இதுங்க வர்ற எடத்துல கண்ண மூடிட்டு எழுவாயாக்கக் கூடாது, ரசீது பாக்கணும். ‘ஊராட்சி கேட்டுக்கொண்டதன் பேரில் அரிசி ஆலை உரிமையாளர் டீசல் வழங்கினார்.’ நீளமாத்தான் இருக்கு, ஆனா உண்மை.

ராக்கெட் ரவி:
சரிக்கா மூணுல தோத்துட்டேன். ஆனா மதகு மேட்டர்ல விட மாட்டேன். ‘உடைந்திருந்தது’ன்னா செய்வினைதான், தன்வினை, காலமும் அதே காலம். யார் உடைச்சாங்கன்னு தெரியலன்னா இதவிட நல்ல வழி என்ன இருக்கு? ஊர்ல எவன் ‘மதகு உடைக்கப்பட்டிருந்தது’ன்னு பேசறான்?

தமிழ் எம்.ஏ.:
ரவிக்கு தொல்காப்பியமே சப்போர்ட். செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்றதும் வழக்குதான்னு வினையியல்ல இருக்கு. ‘திண்ணை மெழுகிற்று’ன்னு உரைல உதாரணம் வரும். திண்ணையா மெழுகும்? ஆள்தான் மெழுகினான், ஆனாலும் சொல்றோம்ல.

மெய்ப்பு மல்லிகா:
அந்த உதாரணத்தையே எடுத்துக்குங்க. திண்ணை தன்னால மெழுகிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால ‘திண்ணை மெழுகிற்று’ன்னா யாரும் ஏமாற மாட்டாங்க. மதகு அப்படியா? தன்னாலயும் உடையும், வெள்ளத்துலயும் உடையும், ராத்திரி கடப்பாரை எடுத்துட்டு வந்தும் உடைப்பான். ‘உடைக்கப்பட்டிருந்தது’ன்னா ஒரு ஆள் கை இருக்குன்னு சொல்றோம், ‘உடைந்திருந்தது’ன்னா அந்தக் கைய துடைச்சிடறோம். முறிக்கப்பட்டது முறிந்தது, எரிக்கப்பட்டது எரிந்தது, மூழ்கடிக்கப்பட்டது மூழ்கியது, எல்லாம் இதே கண்ணிதான். வாக்கியம் சுளுவா வருதேன்னு போவோம், குத்தம் விபத்தா மாறிடும்.

வக்கீல் ஆபீஸ் பையன்:
எங்க ஆபீஸ்ல இது தெனமும் நடக்குது. ‘அடையாளம் தெரியாத நபர்களால் தாக்கப்பட்டார்’னு வரும், ஒருத்தர் அத ‘காயமடைந்தார்’னு சுருக்கிட்டாரு, சீனியர் கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. ஆனா எனக்கு ஒரு டவுட்டு, ‘யாரோ மதகை உடைத்திருந்தார்கள்’னு எழுதினா போலீஸ் கம்ப்ளைன்ட் மாதிரி இருக்கே? பழைய வாக்கியத்துல ‘யாரோ’ங்கற சத்தமே இல்ல. அதுவும் அர்த்தம் கூடறதுதானே?

ஓய்வு இன்ஜினியர்:
இதுக்குத்தான் நான் சொன்னேன், அந்த ஒரு வரிய அப்படியே விடுங்க. தெரியாத ஆளுக்கு செயப்பாட்டுவினைதான் மரியாத.

மெய்ப்பு மல்லிகா:
‘யாரோ’ கொஞ்சம் சத்தம் போடுதுங்கறது உண்மைதான் தம்பி. ‘வடக்கு மதகை உடைத்திருந்தார்கள்’னு ஆளே இல்லாம பன்மைல எழுதலாம், ‘பள்ளிக்கூடத்துல சோறு போடறாங்க’ங்கற மாதிரி. ஆனா அந்த பத்தியில அதுக்கு முந்தி ஊராட்சிக்காரங்க வந்தா ‘ஆர்கள்’ அவங்க மேல போய் ஒட்டும். எழுதறதுக்கு முன்னாடி முந்தின ரெண்டு வரிய படிச்சிப் பாருங்க.

ஏரிக்கரை குமார்:
முந்தின வரியில ஊராட்சித் தலைவர் ஏரிய பார்வையிட வந்ததத்தான் எழுதியிருக்கோம் 😬

ராக்கெட் ரவி:
செத்தாரு தலைவர் 😂

ஏரிக்கரை குமார்:
நேத்து ராத்திரி 11 பக்கம் முடிச்சேன். ரவி சொன்ன மாதிரி ‘ப்பட்ட’ தேடினேன், ‘காலை 6 மணிக்குப் புறப்பட்ட குழு’, ‘தேவைப்பட்ட சிமெண்ட்’ எல்லாம் வந்து நிக்குது, அதெல்லாம் செய்வினைதான்னு விட்டுட்டேன். ‘ப்படும்’, ‘ப்படவில்லை’ தனியா தேட வேண்டியிருந்துது. இன்னொன்ன பாருங்க: ‘பணியின்போது பிடிக்கப்பட்ட பாம்புகள் வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டன’ன்னு இருந்தத நம்ம பையன் ‘பிடித்த பாம்புகளை ஒப்படைத்தோம்’னு மாத்தி வச்சிருக்கான். நமக்குப் புடிச்ச பாம்பாம்.

மெய்ப்பு மல்லிகா:
பெயரெச்சத்துல இந்த வம்பு எப்பவும் உண்டு. ‘கடிக்கப்பட்ட நாய்’ல ‘ப்பட்ட’ எடுத்தா ‘கடித்த நாய்’, ஆளே மாறிடும். ஒண்ணு எழுவாய போடுங்க, ‘நாங்கள் பிடித்த பாம்புகள்’, இல்லன்னா பெயரெச்சத்தையே கழட்டிடுங்க, ‘பணியின்போது பாம்புகளைப் பிடித்து வனத்துறையிடம் ஒப்படைத்தோம்’. பிடிச்சது நீங்கதானே?

ஏரிக்கரை குமார்:
இல்லக்கா, தீயணைப்புத் துறைக்காரங்க பிடிச்சாங்க. ஒப்படைச்சது நாங்க.

மெய்ப்பு மல்லிகா:
அப்போ ‘தீயணைப்புத் துறையினர் பிடித்த பாம்புகளை வனத்துறையிடம் ஒப்படைத்தோம்’. அந்த 11 பக்கத்தையும் யார் செஞ்சதுன்னு பக்கத்துல பென்சில்ல குறிச்சிட்டு இன்னொரு வாட்டி பாருங்க.

ஓய்வு இன்ஜினியர்:
மதகு வரி?

ஏரிக்கரை குமார்:
அத மட்டும் அப்படியே விட்டுட்டு, ஏன் மாத்தலன்னு கவர் லெட்டர்ல எழுதிட்டேன் சார். அவங்க ஒத்துக்குவாங்களான்னு திங்கக்கெழம தெரியும்.

ராக்கெட் ரவி:
உடைந்திருந்தது 🙃