பனி மட்டும் ஏன் சதுரம் சதுரமா உடையுது?

கோத்தகிரி: தொட்டபெட்டா படம், 6000×4000. 9 எம்பி இருந்ததை 1.5 எம்பி ஜேபெக்காச் சுருக்கியாச்சு. கீழே தேயிலைச் சரிவு அப்படியே இருக்கு, ஒரு இலை மாறின மாதிரி தெரியல. மேலே மூடுபனிதான் சின்னச் சின்னச் சதுரமா, படி வெச்ச மாதிரி நிக்குது. இவ்வளவு இலை தப்பிச்சிருக்கு, ஒண்ணுமே இல்லாத பனி எப்படிக் கெடும்? இதுதான் மண்டையைக் குடையுது.

பூம்பாறை: நிறத்தைக் குறைச்சதால வந்தது. வெளிச்ச வித்தியாசத்தைக் கண்ணு உடனே பிடிக்கும், நிறத்துல அவ்வளவு கூர்மை கிடையாது. அதனால ஜேபெக், வெளிச்சத்தை முழுசா வெச்சுக்கிட்டு, நிறத்தை நாலு புள்ளிக்கு ஒண்ணா வெச்சுக்கும். உங்க படம் விரிச்சா 72 எம்பி. இந்த ஒரு வேலையிலேயே 36 ஆயிடும். நிறத்தைக் குறைக்காத 4:4:4 வெச்சு சேமிங்க, பனி சரியாயிடும்.

குன்னூர் ஸ்டூடியோ: 72, 36 கணக்கு சரிதான் தம்பி. ஆனா பனிக்கு அது காரணம் இல்ல. பனியில நிறமே கிடையாது, சாம்பல்தான். நிறத்தைக் குறைச்சதோட அடையாளம் வேற இடத்துல தெரியும்: பச்சைத் தோட்டத்துக்கு நடுவுல சிவப்புத் தகரக் கூரை இருந்தா, அதோட ஓரம் கசிஞ்ச மாதிரி இருக்கும்.

பனியைக் கெடுத்தது அடுத்த வேலை. படத்தை 8×8 புள்ளிக் கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் 64 எண்ணா மாத்தும். முதல் எண் கட்டத்தோட சராசரி வெளிச்சம், 8 மடங்காக்கினது. மத்த 63-ம், அந்தக் கட்டத்துக்குள்ள வெளிச்சம் எவ்வளவு மெதுவா, எவ்வளவு வேகமா ஏறி இறங்குதுங்கறது. அப்புறம் ஒவ்வொரு எண்ணையும் ஒரு அட்டவணையில உள்ள எண்ணால வகுத்து முழு எண்ணாக்கும். அளவு குறையறது பெரும்பாலும் இங்கதான், ஏன்னா பாதிக்கு மேல பூஜ்யமாயிடும்; வரிசையா வர்ற பூஜ்யத்தை எழுத இடமே வேண்டாம்.

இப்ப உங்க பனியை எடுத்துக்கங்க. ஒரு கட்டத்துக்குள்ள இடமிருந்து வலம் வெளிச்சம் 200-லேர்ந்து 202-க்குப் போகுதுன்னு வெச்சுக்குவோம். அந்த ஏற்றத்துக்கான எண் சுமார் அஞ்சு வரும். சேமிக்கும்போது வைக்கற தரம் 50-ன்னா, அதை வகுக்கற எண் 11. 0.5-க்குக் கீழ வருது, பூஜ்யமாச்சு. ஏற்றம் போயிடுச்சு, கட்டம் ஒரே தட்டையா ஆயிடுச்சு. 8 மடங்கான அந்த முதல் எண்ணை 16-ஆல வகுக்கறதால, பக்கத்துக் கட்டம் சராசரியில 2 படி தள்ளித்தான் நிக்க முடியும். தட்டையான இடத்துல அந்த 2 படியைக் கண்ணு கோடாப் பார்க்கும். இலைக் கட்டத்துல எண்கள் பெருசு, வகுத்தும் நிறைய மிஞ்சும். வர்ற பிழையும் இலைக்குள்ளேயே ஒளிஞ்சுக்கும்.

தரம் 90-ல அதே 11 என்கறது 2 ஆயிடும். அந்த அஞ்சு பிழைச்சுக்கும்.

பூம்பாறை: அண்ணே, 4:4:4-க்கு மாத்தினதும் எனக்குப் பனி சரியானது உண்மை.

குன்னூர் ஸ்டூடியோ: தரத்தையும் சேர்த்து ஏத்தியிருப்பீங்க. இமேஜ்மேஜிக் மென்பொருள்ல 90-ஓ அதுக்கு மேலயோ வெச்சா அதுவே 4:4:4 ஆக்கிடும். ரெண்டையும் தனித்தனியா பாருங்க:

```
identify -format "%Q %[jpeg:sampling-factor]\n" pani.jpg
```

`2x2,1x1,1x1` வந்தா நிறத்தைக் குறைச்ச 4:2:0. இன்னொண்ணு, அந்த 90 சதவீதம் இல்ல, அட்டவணைக்கான குறி. வேற மென்பொருள்ல 90-ன்னா வேற அட்டவணையா இருக்கலாம்.

மன்னவனூர்: விண்ணப்பத்துக்குப் போட்டோ 50 கேபிக்குள்ள கேக்கறாங்க. தரம் 10 வெச்சா முகம் சதுரமாயிடுது. இதுவும் இதேதானே?

குன்னூர் ஸ்டூடியோ: காரணம் ஒண்ணுதான், மருந்து வேற. 10-ல அந்த முதல் எண்ணை வகுக்கற எண் 80, அப்போ கட்டத்துக்குக் கட்டம் 10 படி தாண்டும். தரத்தைத் தொடாதீங்க, முதல்ல புள்ளியைக் குறைங்க:

```
magick in.jpg -resize 400x -quality 80 out.jpg
```

முகத்துக்கு 400 புள்ளி அகலம் தாராளம். எப்பவும் மூலப்படத்துல இருந்தே செய்யணும். சுருக்கினதை வெட்டித் திரும்பச் சேமிச்சா 8-இன் கட்டம் இடம் மாறும், பழைய கட்டத்தோட கோடு புதுக் கட்டத்துக்கு நடுவுல விழும். அதையும் விவரம்னு நினைச்சு எழுதி வைக்கும். சும்மா நகல் எடுத்தா ஒண்ணும் ஆகாது.

கோத்தகிரி: 90-ல சேமிச்சோம், கட்டம் போச்சு, 4 எம்பி வந்துச்சு. 85-ல மேல்மூலையில லேசா ஒரு பட்டை தெரியுது.

பூம்பாறை: பனியில மட்டும் கொஞ்சம் மணல் தூவின மாதிரி புள்ளிச் சிதறல் சேர்த்துட்டு 85-ல சேமிங்க. பட்டை உடைஞ்சு போயிடும்.

குன்னூர் ஸ்டூடியோ: சிதறலும் எண்ணாத்தான் போகும். மெல்லிசா இருந்தா வகுத்ததும் பூஜ்யம், அழுத்தமா இருந்தா அளவு ஏறி 90-க்கே வந்து நிக்கும். என் கணக்குப்படி லாபம் இல்ல.

பூம்பாறை: அச்சுல வித்தியாசம் தெரியும் அண்ணே. ஒரே படத்தை ரெண்டு விதமாவும் 12×8-ல எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.