இரண்டு மேலாளர்கள், ஒரே வெள்ளிக்கிழமை: முடிவை யாரிடம் கேட்பது?

வணக்கம். வாகன உதிரிபாக நிறுவனமொன்றில் சோதனைப் பொறியாளராக இருக்கும் நான், துறைத் தலைவர், திட்ட மேலாளர் இருவருக்கும் பதில் சொல்ல வேண்டியவன். வெள்ளிக்கிழமைக்குள் தணிக்கை ஆவணங்கள் வேண்டும் என்கிறார் முன்னவர். அதே நாளில் வாடிக்கையாளருக்கு அதிர்வுச் சோதனை அறிக்கை போக வேண்டும் என்கிறார் பின்னவர். ஆவணங்களுக்கு 26 மணி நேரமும் அறிக்கைக்கு 24 மணி நேரமும் ஆகும், என்னிடம் இருப்பதோ 40 மணி நேரம் என்று இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதியபோது, "நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்றே இருவரும் பதிலளித்தனர். என் ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவர் துறைத் தலைவர் என்பதால் மனம் அவர் பக்கம் சாய்கிறது (அது சரியான காரணமல்ல என்பதும் தெரியும்). தணிக்கைத் தேதி நகராது, அறிக்கை திங்கள்வரை தாங்கக்கூடும் என்பதால், "புதன் மதியத்துக்குள் மறுப்பு வராவிட்டால் இந்த வரிசையிலேயே செய்கிறேன்" என்று இருவருக்கும் எழுதலாமா, அல்லது இருவருக்கும் மேலுள்ள அதிகாரியிடம் கொண்டுசெல்வதுதான் முறையா?