3,780 சொல்லை 3,000 ஆக்க வேண்டும், மேற்கோள்கள் போகக் கூடாது: எங்கே வெட்டுவது?

கறுப்புமை:
வகுப்பில் மடிக்கணினியை முழுக்கத் தடை செய்வதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பதுதான் என் கட்டுரையின் வாதம். வரம்பு 3,000 சொல், ஒன்று கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாளாக வாக்கியம் வாக்கியமாகச் சுருக்குகிறேன், நூறு சொல்கூடக் குறையவில்லை. மூன்று ஆய்வுகளைப் பற்றிய 46 சொல் பத்தி ஒன்றை மட்டும் இப்படி ஆக்கினேன், சரியா?

"கையால் குறிப்பு எடுப்பதே சிறந்தது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன (முல்லர், ஒப்பன்ஹைமர் 2014, மோர்ஹெட் குழு 2019, அர்ரி குழு 2021)."

வெயில்:
மேற்கோள்களையும் விளக்கங்களையும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுங்கள், அது கணக்கில் வராது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஓரக்குறிப்பு:
வெயில் சொல்வது சில இடங்களில் சரி, எல்லா இடத்திலும் இல்லை. அடிக்குறிப்பையும் சேர்த்து எண்ணும் விதி நிறைய இடங்களில் உண்டு. வேர்டின் சொல் எண்ணிக்கைப் பெட்டியில் அடிக்குறிப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு தேர்வு இருக்கிறது, உங்கள் 3,780 எந்த நிலையில் வந்தது என்று முதலில் பாருங்கள். உள்மேற்கோளும் நூற்பட்டியலும் எண்ணப்படுமா என்பதையும் விதியில் படித்துவிடுங்கள்.

இப்போது அந்த வாக்கியம். அது சுருங்கவில்லை கறுப்புமை, தலைகீழாகிவிட்டது. 2014 ஆய்வில்தான் கையால் எழுதியவர்கள் புரிதலைச் சோதிக்கும் கருத்துக் கேள்விகளில் முந்தினார்கள். 2019, 2021 இரண்டும் அதைத் திரும்பச் செய்து பார்த்தவை, அவற்றில் அந்த வேறுபாடு தெளிவாகக் கிடைக்கவில்லை. உங்கள் வாதத்தின் முதுகெலும்பே அந்த இரண்டும்தான், அவற்றையே எதிர்ப்பக்கம் சேர்த்துவிட்டீர்கள். இப்படி எழுதலாம்:

"கருத்துக் கேள்விகளில் கைக்குறிப்பு எடுத்தவர்களே முந்தினார்கள் (முல்லர், ஒப்பன்ஹைமர் 2014), மறுஆய்வுகளில் அந்த வேறுபாடு தெளிவாகக் கிடைக்கவில்லை (மோர்ஹெட் குழு 2019, அர்ரி குழு 2021)."

19 சொல். மூன்று மேற்கோளும் இருக்கின்றன, 27 சொல் மிச்சம். சுருக்கும்போது "வெளியிட்ட ஆய்வில்", "என்று குறிப்பிடுகிறார்கள்" போன்றவை மட்டும்தான் போக வேண்டும். சுருக்கிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூல ஆய்வைத் திறந்து, இதை அவர்கள் உண்மையில் சொன்னார்களா என்று பாருங்கள். அடைப்புக்குள் பெயர்கள் வரிசையாகச் சேரும்போதுதான் இந்தத் தவறு நுழைகிறது.

ஆனால் 780 சொல்லை வாக்கியத்தில் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் "இது வாதத்துக்கு என்ன செய்கிறது" என்று ஒரே வரி எழுதுங்கள். ஒரே வரி இரண்டு பத்திக்கு வந்தால் ஒன்று போகலாம். வரியே எழுத வரவில்லையென்றால் அந்தப் பத்திக்கு அங்கே வேலை இல்லை.

தூவல்:
எனக்கும் இதே சிக்கல்தான், ஆனால் நேர்மாறு. 1,500 கேட்டார்கள், 1,100தான் வருகிறது. எப்படி நீட்டுவது?

ஓரக்குறிப்பு:
தூவல், அது வேறு கேள்வி, தனி இழை போடுங்கள், வந்து பார்க்கிறேன்.

கறுப்புமை:
ஐயோ, அந்த வாக்கியத்தைக் கவனிக்கவே இல்லை, மிக்க நன்றி. ஓரத்தில் எழுதிப் பார்த்தேன். குறிப்பெடுத்தலின் வரலாறு என்று மூன்று பத்தி, 410 சொல், மூன்றுக்கும் "பின்னணி" என்ற ஒரே வரிதான் வந்தது. இரண்டு வாக்கியமாக்கி 40 சொல்லில் நிறுத்தினேன். முடிவுரை முன்னுரையையே திரும்பச் சொன்னது, 180லிருந்து 70. நேரடியாக எடுத்துப்போட்ட இரண்டு நீண்ட மேற்கோள்களை என் சொற்களில் எழுதிப் பக்க எண்ணை மட்டும் வைத்துக்கொண்டேன், அங்கே 115 குறைந்தது. பிறகு நீங்கள் காட்டிய மாதிரி வாக்கியங்களைத் தட்டியதில் இப்போது 3,060.

மிச்சம் 60. எதிர்வாதப் பத்தி சரியாக 140 சொல் இருக்கிறது: பக்கத்தில் ஒருவர் மடிக்கணினி வைத்திருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்பது. அதைத் தூக்கிவிடலாமா?

வெயில்:
தூக்கிவிடுங்கள். உங்களுக்கு எதிராக இருப்பதை நீங்களே ஏன் சொல்ல வேண்டும்?

ஓரக்குறிப்பு:
இதில் எனக்கு உடன்பாடில்லை. தடை வேண்டும் என்பவர்கள் முதலில் எடுப்பதே அந்த வாதத்தைத்தான், அது இல்லாவிட்டால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். எதிர்வாதத்தை இரண்டு வாக்கியத்தில் அதன் மேற்கோளோடு வையுங்கள், பதிலுக்கு ஒன்று. 140 சொல் 80க்கு வரும்.

இன்னொன்று, மேற்கோள் மென்பொருள் பயன்படுத்தினால் நீக்கிய மேற்கோள் பட்டியலிலிருந்து தானாகப் போய்விடும். கையால் தட்டியிருந்தால் அந்தப் பெயர் பட்டியலில் அநாதையாக நிற்கும், கடைசியில் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

கறுப்புமை:
கையால்தான் தட்டினேன். வரலாற்றுப் பத்திகளோடு போன நான்கு பெயர் இன்னும் பட்டியலில் இருக்கிறது, எடுத்துவிடுகிறேன். எதிர்வாதம் 85க்கு வந்தது, அதற்குக் கீழே போனால் பதில் ஒட்ட மறுக்கிறது. இன்னும் 5 சொல் தேட வேண்டும்.