போஸ்டரில் இருக்கிறதைத் திரும்பவும் ஆல்ட் டெக்ஸ்டில் எழுத வேண்டுமா?

ஷர்மி, வெள்ளவத்தை
எங்கள் நாடகக் குழுவின் பக்கத்தை நான்தான் பார்க்கிறேன். போஸ்டரிலேயே திகதி, நேரம், இடம் எல்லாம் இருக்கிறது. கண் தெரியாத ஒருவர் இன்பொக்ஸில் வந்து, படத்துக்கு விவரம், அதாவது ஆல்ட் டெக்ஸ்ட், எழுதச் சொல்லிக் கேட்டார். போஸ்டர் முழுவதையும் எழுத வேண்டுமா, "நாடகப் போஸ்டர்" என்று போட்டால் காணுமா?

கஜன், டிசைனர்
காணும் அக்கா. இப்ப தளங்களே படத்தைப் பார்த்துத் தானாக விவரம் போடுகின்றன. நாங்கள் எழுதினால் இரட்டை வேலை.

ரிஃப்கான், தெஹிவளை
கஜன், தானாக வருவதைக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? திரையில் இருப்பதைச் சத்தமாகச் சொல்கிற டோக்பேக்கில்தான் நான் வாசிக்கிறேன். ஒரு நாடகப் போஸ்டரில் விரலை வைத்தால் என் போன் சொல்வது `May be an image of 3 people and text`. எழுத்து இருக்கிறது என்று தெரிகிறது, என்ன எழுத்து என்று தெரியவில்லை.

ஷர்மி, நான் விரும்புவது இதுதான். திகதி, நேரம், இடம், டிக்கெட் நம்பர் எல்லாம் பதிவிலேயே எழுத்தாக இருக்க வேண்டும். ஆல்ட் டெக்ஸ்டில் மட்டும் நம்பரைப் போட்டால் அதை என்னால் கொப்பி பண்ண முடியாது. ஆல்ட் டெக்ஸ்டில் படத்தைச் சொல்லுங்கள்: "நாடகப் போஸ்டர். பூட்டிய கதவின் முன் சூட்கேஸோடு ஒரு வயதான பெண், கதவுக்கு மேலே சிவப்பில் நாடகத்தின் பெயர். நிகழ்ச்சி விவரம் பதிவில் உள்ளது." இவ்வளவும் போதும். "இது ஒரு படம்" என்று தொடங்க வேண்டாம், அதைப் போனே சொல்லிவிடும்.

கஜன், டிசைனர்
சரி, அப்படியென்றால் டிசைன் ஃபைலில் இருக்கிற எழுத்தை அப்படியே கொப்பி பண்ணிப் பதிவில் போடலாமே. ஒரு நிமிட வேலை.

ரிஃப்கான், தெஹிவளை
நீங்கள் பாமினி எழுத்துருவில் அடிக்கிற ஆள் என்றால் அங்கேதான் பிரச்சினை. பாமினியில் திரையில் "தமிழ்" என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது `jkpo;`. என் போன் அதை ஜே கே பி ஓ என்று ஆங்கில எழுத்தாகத்தான் வாசிக்கும், முழுப் பதிவும் அப்படியே போகும். கொப்பி பண்ணியதைப் போனின் மெசேஜ் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்து வந்தால் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் ஒருமுறை வாசியுங்கள், ஏனென்றால் இடையில் ஆங்கிலத்தில் இருந்ததையும் மாற்றுகிற கருவி பாமினி என்று நினைத்துக் குழப்பிவிடும். `6.30 pm` என்பது `6.30 ிஅ` ஆகிவிடும். நேரம் போனால் நாடகமும் போச்சு.

கலா டீச்சர், கொட்டாஞ்சேனை
நீங்கள் கதைப்பது வீடியோவில் வரும் எழுத்தைப் பற்றித்தானே? என் அப்பாவுக்குக் காது கேட்பது குறைவு. சொல் சொல்லாகத் துள்ளித் துள்ளி வருகிற எழுத்தை அவரால் பிடிக்கவே முடிவதில்லை, ஒன்றை வாசிக்கும்போது அடுத்தது வந்துவிடுகிறது. வெள்ளை வேட்டிக்கு மேல் வெள்ளை எழுத்து, அதுவும் திரையின் அடியில், லைக் பட்டனும் பக்கத்தின் பெயரும் மறைக்கிற இடத்தில்!

ரிஃப்கான், தெஹிவளை
டீச்சர், ஷர்மி கேட்டது படத்தைப் பற்றி. எனக்கு வீடியோவில் எழுத்து உதவாது, ஆனால் அப்பாவுக்கு அதுதான் வழி.

ஷர்மி, வெள்ளவத்தை
இல்லை, டீச்சர் சொன்னதும் வேண்டும். ஒத்திகைத் துண்டுகளையும் போடுகிறோம்.

கலா டீச்சர், கொட்டாஞ்சேனை
அப்படியென்றால் மகள், ஒரு முழு வாக்கியத்தை இரண்டு வரிக்குள் போட்டு, வாசித்து முடியும் வரை நிறுத்துங்கள். எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வையுங்கள். மேடையில் இருவர் இருட்டில் பேசினால் யார் பேசுகிறார் என்று பெயரையும் போட வேண்டும். கதவு தட்டும் சத்தம் கதைக்கு முக்கியமென்றால் "கதவு தட்டும் சத்தம்" என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் ஏன் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அப்பா என்னைக் கேட்பார்.

கஜன், டிசைனர்
இதை நான் வீடியோவிலேயே பதித்துக் கொடுப்பேன். எழுத்து மட்டும் இருக்கிற தனி எஸ்ஆர்டி ஃபைலாகப் போட்டால் வட்ஸ்அப்பில் பகிரும்போது எழுத்து காணாமல் போய்விடும்.

கலா டீச்சர், கொட்டாஞ்சேனை
பதித்துவிட்டால் அப்பா எழுத்தைப் பெரிதாக்க முடியாதே தம்பி. யூடியூபில் அவர் பெரிதாக்கித்தான் பார்க்கிறார்.

கஜன், டிசைனர்
எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வட்ஸ்அப்பில்தான் பார்க்கிறார்கள் டீச்சர். நான் பதிப்பதையே சொல்வேன்.

ரிஃப்கான், தெஹிவளை
வட்ஸ்அப் விஷயத்தில் கஜன் சொல்வது சரி. ஆல்ட் டெக்ஸ்ட் படத்தோடு போகாது, பதிவோடுதான் இருக்கும். போஸ்டரை டவுன்லோட் பண்ணிக் குரூப்பில் போடுகிறவர் கீழே விவரத்தையும் ஒட்ட வேண்டும்.

ஷர்மி, வெள்ளவத்தை
பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "சனிக்கிழமை மாலை 6.30. வெள்ளவத்தை, காலி வீதி. 100, 101 பஸ்ஸில் வரலாம்." ஆல்ட் டெக்ஸ்டில் பெண், கதவு, சூட்கேஸ்.

ரிஃப்கான், தெஹிவளை
திகதியையும் போடுங்கள். பதிவு சுற்றிச் சுற்றி அடுத்த கிழமைதான் என்னிடம் வரும், எந்தச் சனிக்கிழமை என்று தெரியாது. வாசல் காலி வீதிப் பக்கமா, கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுக்கு வீதியிலா என்றும் எழுதுங்கள்.