இறந்த பிறகு கிளவுட் படங்கள்: கடவுச்சொல்லை எழுதி வைத்தால் போதுமா?

கயல்: எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கூகுள் கணக்கில் இருக்கும் குடும்பப் படங்கள் தங்கைக்குக் கிடைக்க வேண்டும். கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தால் போதுமா, வேறு ஏற்பாடு வேண்டுமா?

முருகவேல்: போதும். நானும் உறையில் போட்டு ஒட்டி வீட்டில் கொடுத்திருக்கிறேன். நிறுவனத்தின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே உள்ளே போய்விடலாம்.

தமிழினி: பல நேரங்களில் போக முடியாது, முருகவேல். புதிய கருவியில் நுழைந்தால், "இது நீங்கள்தானா?" என்ற கேள்வி இறந்தவரின் போனுக்குத்தான் வரும். அந்தப் போன் பூட்டியிருக்கும். எஸ்எம்எஸ் குறியீடு வரும் என்று வைத்தாலும், யாரும் ரீசார்ஜ் செய்யாத எண் நாளடைவில் முடங்கி வேறொருவருக்குப் போய்விடும்.

கயல், கூகுளில் 2013 முதலே இதற்கென்று Inactive Account Manager இருக்கிறது. myaccount.google.com/inactive என்று தட்டினால் வரும். எத்தனை மாதம் கணக்கில் நடமாட்டம் இல்லாவிட்டால் தகவல் போக வேண்டும் என்று கேட்கும்: 3, 6, 12 அல்லது 18. அப்புறம் தங்கையின் மின்னஞ்சலையும் போன் எண்ணையும் கொடுத்து, எதையெல்லாம் அவர் எடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கடவுச்சொல் அவருக்குப் போகாது. தரவிறக்கும் வழி மட்டும் கிடைக்கும்.

முருகவேல்: துக்கத்தில் இருப்பவர்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமா? கூகுளே பத்து மாற்றுக் குறியீடுகள் தருகிறது. அவற்றையும் உறையில் வைத்தால் போன் இல்லாமலே நுழையலாமே.

தமிழினி: அது சரியான யோசனைதான். ஆனால் ஒரு குறியீடு ஒரு முறைதான் செல்லும். புதிதாக பத்து எடுத்தால் பழைய பத்தும் செல்லாது. கடவுச்சொல்லை மாற்றிய அன்று உறையையும் மாற்ற வேண்டும். பலரும் மறப்பது அதைத்தான்.

காத்திருப்பு விஷயத்தில் நீங்கள் சொன்னதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கயல் 3 மாதம் என்று வைத்து, போன் மார்ச் 5 அன்று அணைந்ததாகக் கொள்வோம். மே மாதத் தொடக்கத்திலிருந்து கயலுக்கே எச்சரிக்கைகள் வரும். பதில் இல்லையென்றால் ஜூன் 5 வாக்கில் தங்கைக்கு மின்னஞ்சல் போகும். அன்றிலிருந்து அவருக்கு 3 மாத அவகாசம்.

ஆனால் குடும்பத்தார் நினைவுக்காக அந்தப் போனைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தால்? ஆண்ட்ராய்டு போன் தானாகவே கூகுளைத் தொடர்புகொள்ளும். அதுவும் நடமாட்டமாகவே கணக்காகும். மூன்று மாதக் கணக்கு தொடங்கவே தொடங்காது. அதனால் போனை அணைக்கச் சொல்லித் தங்கையிடம் இப்போதே பேசி வையுங்கள்.

செல்வி: என் அம்மா எந்த ஏற்பாடும் செய்யாமல் போய்விட்டார். போன் பூட்டு எங்களுக்குத் தெரியும். அவர் கணக்கை வேறு கருவியில் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் கணக்கையே மூடிவிடலாமா?

தமிழினி: மூட வேண்டாம் அக்கா, மூடினால் படங்களும் போகும். சிம்மை உயிரோடு வைத்திருங்கள். அந்தப் போனில் இருக்கும் படங்களை முதலில் நகலெடுங்கள். மீதிக்கு, இறந்தவர் கணக்கு குறித்த கோரிக்கைப் படிவம் பெரும்பாலான நிறுவனங்களிடம் உண்டு. இறப்புச் சான்று கேட்பார்கள். தருவதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. தள்ளிப்போடாதீர்கள். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் 2023 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அன்வர்: எல்லோரும் எப்படி எடுப்பது என்றே பேசுகிறீர்கள். செத்தவருக்கு விருப்பம் கிடையாதா? என் படங்களில் நண்பர்களின் அந்தரங்கமும் இருக்கிறது. என் கணக்கு என்னோடு அழியட்டும்.

தமிழினி: அதற்கும் அதே பக்கத்தில் இடம் இருக்கிறது. யாரையும் சேர்க்காமல், கணக்கை அழி என்று மட்டும் வைக்கலாம். கயலும் மின்னஞ்சலை விட்டுவிட்டு Google Photos மட்டும் கொடுக்கலாம்.

அன்வர்: படங்களுக்குள்ளே இந்த ஆல்பம் ஆம், அந்த ஆல்பம் வேண்டாம் என்று பிரிக்க முடியுமா?

தமிழினி: அங்கே முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும்போதே பகிர்ந்து, தங்கை தன் கணக்கில் சேமித்துக்கொள்ள வேண்டும். பகிர்ந்த ஆல்பத்தைப் பார்ப்பது மட்டும் போதாது, உங்கள் கணக்கு அழிந்தால் அதிலிருந்து உங்கள் படங்களும் மறையும்.

அன்வர்: அப்படியானால் என் நண்பர்களின் சம்மதம் என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

முருகவேல்: ஐபோனிலும் இதே கதையா?

தமிழினி: இல்லை, அங்கே Legacy Contact, அதாவது நாம் இறந்தபின் கணக்கைத் திறக்க ஒருவரை முன்பே நியமிக்கும் வசதி. மாதக் காத்திருப்பு கிடையாது. ஆனால் நீங்கள் முன்பே கொடுத்த அணுகல் சாவியும் இறப்புச் சான்றும் வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு 3 ஆண்டுதான், அப்புறம் கணக்கு நிரந்தரமாக நீங்கும். சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்காது.

முருகவேல்: சரி, சாவியை என் உறையிலேயே சேர்க்கிறேன். உறையை விட மனமில்லை.

கயல்: நான் 3 மாதம், படங்கள் மட்டும் என்று வைத்துவிட்டேன். தங்கை எண்ணை மாற்றினால்?

தமிழினி: உடனே அங்கேயும் மாற்றுங்கள். எடுப்பவர் அவர்தானா என்று உறுதிசெய்யும் குறியீடு, நீங்கள் கொடுத்த எண்ணுக்குத்தான் போகும்.