புதுப்பிப்பு: முதுநகர் மீன் மார்க்கெட் வீடியோவ டெலீட் பண்ணிட்டேன்

"காசு வர்ற வீடியோவ டெலீட் பண்ணா சம்பாதிச்ச பணமும் போயிடுமா?"ன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல.

போகலங்க. யூடியூப் ஸ்டூடியோல மொத்த வருமானம் அப்படியே நிக்குது, அந்த வீடியோவ மட்டும் தனியா தேடி பாக்க முடியல.

அந்த வீடியோல கேட்ட டீக்கடை ரேடியோ பாட்டுக்கு வந்த காப்புரிமை கிளைம் வீடியோவோடயே போயிடுச்சு. "காப்புரிமை ஸ்ட்ரைக்கும் போயிடும்"னு ஒரு தம்பி சொன்னாரு, அது தப்பு, புதுச்சேரி எடிட்டர் அண்ணன் சொன்ன மாதிரி டெலீட் பண்ணாலும் ஸ்ட்ரைக் 90 நாள் இருக்கும், எனக்கு வந்தது வெறும் கிளைம்தான், தப்பிச்சேன்.

பிளேலிஸ்ட்டுல இருந்தும் காணோம். "சேனலே போச்சா"ன்னு கேட்ட அக்கா, இல்லக்கா, ஒரு வீடியோதான். கிளைம் இருந்தப்ப பாட்டோட உரிமைக்காரங்க எடுத்த காசு திரும்புமான்னுதான் இன்னும் தெரியல.