தப்பான ஆபீஸுக்கு வந்தவரிடம் முதலில் என்ன சொல்வது?

வாசல்மேசை:
பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். கதவுக்கு நேர் எதிரே என் மேசை. போன வாரம் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, மஞ்சப்பையில் காகிதங்களோடு வந்து "பட்டாவ என் பேருக்கு மாத்தணும் தம்பி" என்றார். "அது இங்க இல்லம்மா, தாலுகா ஆபீஸ் போங்க" என்றேன். பின்னால் டோக்கனோடு நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா பையைச் சுருட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நான் சொன்ன தகவல் சரிதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்?

டோக்கன் 27:
இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? கேட்டார், சொன்னீர்கள். சிரித்தவர்கள் மீது கோபப்படுங்கள், உங்கள் மீது எதற்கு? பத்திரப் பதிவுக்கு நேரம் குறித்து டோக்கன் வாங்கி, சாட்சி ரெண்டு பேரை லீவு போட வைத்துக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பவன் நான். வாசலில் இருப்பவர் ஒவ்வொருவரிடமும் குசலம் விசாரித்தால் வரிசை எப்போது நகரும்? ஒரே வரியில் பதில். அதுதான் மரியாதை.

பழைய தாலுகா:
வருவாய்த் துறையில் கீழ்மட்டத்தில் சேர்ந்து தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன். தம்பி, கோபிக்காதீர்கள், நீங்கள் சொன்ன தகவலே முழுசாகச் சரியில்லை. பட்டா தாசில்தார் வேலை, அது உண்மை. ஆனால் அந்த அம்மா நேராகத் தாலுகா ஆபீஸ் போயிருந்தால் அங்கே என்ன சொல்லியிருப்பார்கள்? "மனு இ-சேவை மையத்துலதான் போடணும்." அங்கே போனால், "வாரிசுச் சான்று எங்க?" ஆக உங்கள் ஒரே வரி அவரை இன்னொரு தப்பான வாசலுக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே யார் சிரித்தார்களோ.

அவர் என்ன காகிதம் வைத்திருந்தார் என்று பார்த்தீர்களா? அந்த வயதில் "என் பேருக்கு" என்றால் பெரும்பாலும் வீட்டுக்காரர் காலமாகியிருப்பார். முதலில் இறப்புச் சான்று, அடுத்து வாரிசுச் சான்று, அதற்கப்புறம்தான் பட்டா மாறுதல். பிள்ளைகள் இருந்தால் பட்டா எல்லா வாரிசுகள் பேரிலும் கூட்டாகத்தான் வரும். அவர் பேரில் மட்டும் வேண்டுமென்றால் பிள்ளைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும். அதை எங்கே பதிவார்கள்? உங்கள் ஆபீஸில்! யாரோ பக்கத்து வீட்டுக்காரர் "ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்ப் பாரு" என்று சொல்லி அனுப்பியிருந்தால் அவர் சொன்னது பாதி சரி.

செல்வி_மதுரை:
ஐயா சொல்வது பெரிய விஷயம். நான் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன். எங்களுக்கும் இதேதான். "நீங்க தப்பான எடத்துக்கு வந்துட்டீங்க" என்று நாங்கள் சொல்வதே இல்லை. "வாங்க, உட்காருங்க" என்று முதலில் உட்கார வைப்போம். அப்புறம், "நெறய பேர் இப்படித்தான் மாத்தி வந்துடுறாங்க, பரவால்ல" என்று ஒரு வார்த்தை. முகம் தெளிந்துவிடும்.

டோக்கன் 27:
உட்கார வைப்பதுதான் ஆபத்து அக்கா. அரசு அலுவலகத்தில் "உட்காருங்க" என்றால் "வேலை நடக்கும், காத்திரு" என்று அர்த்தம். என் மாமனார் ஓர் அலுவலகத்தில் அப்படி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் வந்த பதில் "இது எங்க செக்‌ஷன் இல்லைங்க". முதல் நிமிஷத்திலேயே விரட்டியிருந்தால் நன்றி சொல்லியிருப்பார். அப்புறம், "நெறய பேர் இப்படித்தான்" என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. முட்டாள்கள் நிறைய, நீயும் ஒருவன் என்பதுபோல் இருக்கிறது.

செல்வி_மதுரை:
சொல்கிற தொனியில் இருக்கிறது அண்ணா அது.

பழைய தாலுகா:
உட்கார வைப்பது பற்றி டோக்கன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தாலுகாவிலும் அப்படி மறந்துபோய் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. "வாங்கம்மா" என்பது போதும், அடுத்த மூச்சில் "என்ன வேலையா வந்தீங்க?" என்று கேட்டுவிட வேண்டும். "யாரப் பாக்கணும்?" என்று கேட்காதீர்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் அவர் ஏன் உங்கள் முன்னால் நிற்கிறார்? "போர்டு பாக்கலையா?"வும் வேண்டாம். போர்டில் "சார்பதிவாளர் அலுவலகம்" என்று இருக்கும். ஊரில் அந்தச் சொல்லை யார் சொல்கிறார்கள்? ரிஜிஸ்டர் ஆபீஸ், பத்திர ஆபீஸ். "வட்டாட்சியர் அலுவலகம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டே "தாலுகா ஆபீஸ் எங்க?" என்று கேட்பவர்களைத் தினமும் பார்த்தவன் நான். அவர்களுக்குப் படிக்கத் தெரியும். அவர்கள் தேடிவந்த சொல் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

சட்டம்பேசி:
யாரும் சட்டத்தைச் சொல்லவில்லை. மனு தப்பான அலுவலகத்துக்கு வந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே சரியான அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். திருப்பி அனுப்பவே கூடாது. அந்த அம்மாவிடம் மனுவை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? நீங்கள் செய்தது விதிமீறல்.

பழைய தாலுகா:
ஐயா, நீங்கள் சொல்வது 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(3). தகவல் கேட்டு எழுதும் மனுவுக்கு அது பொருந்தும். ஐந்து நாளுக்குள் மாற்றிவிட்டு, மாற்றியதை மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். பட்டா மாறுதலுக்கு அது பொருந்தாது. பத்திர ஆபீஸில் பட்டா மனுவை வாங்கி வைத்தால் அந்த அம்மா மாதக்கணக்கில் காத்திருப்பார், ஒன்றும் நடக்காது. வாங்காமல் விட்டதுதான் சரி. ஆனால் அந்தப் பிரிவில் ஒரு நியாயம் இருக்கிறது. தப்பி வந்த காகிதத்தை வழி தெரிந்தவன்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிறது. காகிதத்துக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை ஆளுக்கும் கொடுக்கலாம்.

சட்டம்பேசி:
எல்லா மனுவுக்கும் என்றுதான் ஒரு பயிற்சியில் சொன்னார்கள். சரிபார்க்கிறேன்.

கரிசல்காட்டான்:
பட்டா பற்றிப் பேச்சு ஓடுவதால் கேட்கிறேன். என் பட்டாவில் அப்பா பேர் "முத்தையா" என்பதற்குப் பதில் "முத்தயா" என்று இருக்கிறது. பாங்கில் லோன் தர மாட்டேன் என்கிறார்கள். எங்கே போக வேண்டும்?

டோக்கன் 27:
இங்கே அதைப் பற்றி யார் பேசினார்கள்? தலைப்பைப் படித்துவிட்டு வரலாமே.

பழைய தாலுகா:
வாங்க தம்பி. ஒன்றே ஒன்று சொல்லுங்கள், உங்கள் கிரயப் பத்திரத்தில் பேர் எப்படி இருக்கிறது? பத்திரத்தில் சரியாக இருந்து பட்டாவில் மட்டும் பிழை என்றால் தாலுகா ஆபீஸ். பத்திர நகல், ஆதார் நகல் எடுத்துப்போங்கள். முதலில் உங்கள் வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் குறையும். பத்திரத்திலேயே பிழை என்றால், எழுதிக்கொடுத்தவரோடு சேர்ந்து பத்திர ஆபீஸில் பிழைதிருத்தல் பத்திரம் பதிய வேண்டும், பட்டா அதற்கப்புறம்தான்.

கரிசல்காட்டான்:
பத்திரத்தில் சரியாக இருக்கிறது ஐயா. இவ்வளவு நாள் பத்திர ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன்! நன்றி.

வாசல்மேசை:
ஒரே கேள்வியில் ஆபீஸே மாறிவிட்டது. சரி ஐயா, அந்த அம்மா மறுபடி வந்தால், வரிசை பின்னால் நிற்கும்போது, நான் என்ன செய்யட்டும்?

பழைய தாலுகா:
எழுந்து மேசையின் ஓரத்துக்கு வந்துவிடுங்கள். வரிசை நேராக இருக்கட்டும், பேச்சு பக்கவாட்டில் நடக்கட்டும். சிரிக்க ஆளே இருக்காது. "வாங்கம்மா, காகிதத்த நான் பாக்கலாமா?" என்று கேட்டு வாங்குங்கள். சத்தமாகப் படிக்க வேண்டாம், அது அவர்கள் வீட்டு விஷயம். "பட்டா இப்ப யார் பேர்ல இருக்கு?" என்பது ஒரு கேள்வி. "வாரிசுச் சான்று வாங்கியாச்சா?" என்பது இன்னொன்று. ரெண்டே போதும்.

வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுங்கள்: "இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ் வளாகம். கேட்க வேண்டியது: வாரிசுச் சான்று. கொண்டுபோக வேண்டியது: இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு." எங்கள் ஊரில் மையம் தாலுகா வளாகத்திலேயே இருந்தது, உங்கள் ஊரில் எங்கே என்று விசாரித்து வையுங்கள். ஊரில் வழங்குகிற பேரைத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அந்தச் சீட்டை அவர் டீக்கடையில் காட்டித்தான் வழி கேட்பார். "அது வந்ததும் பட்டாவுக்கும் அங்கேயே எழுதிப் போடலாம். பிள்ளைங்க பங்க எழுதித்தரதா இருந்தா எங்ககிட்டதான் வரணும்மா, போயிட்டு வாங்க" என்று முடியுங்கள். வெறும் "போங்க"வுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதுவும் இங்கே அது உபசாரத்துக்குச் சொல்வது இல்லை, நிஜமாகவே அவர் திரும்பி வரலாம்.

சீட்டு இல்லாமல் அனுப்பினால் இன்னொன்று நடக்கும். கூனிக் குறுகி வெளியே வருகிறவரை வாசலில் நிற்கும் புரோக்கர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவான். "என்னம்மா, உள்ள கத்துனாங்களா?" என்று அவன்தான் மரியாதையாகப் பேசுவான்.

டோக்கன் 27:
புரோக்கர் விஷயம் உண்மை. நானே ஒருமுறை கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ரெண்டு கேள்வி, ஒரு சீட்டு என்றால் மூணு நிமிஷம். ஒரு நாளைக்கு இருபது பேர் இப்படி வந்தால் ஒரு மணி நேரம். சம்பளம் இந்த வேலைக்கா, அந்த வேலைக்கா?

செல்வி_மதுரை:
அடிக்கடி வருகிற நாலைந்து கேள்விக்குச் சீட்டை முன்னாலேயே அச்சடித்து வைத்துக்கொள்ளலாமே. நாங்கள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

பழைய தாலுகா:
அச்சடித்தால் காகிதத்தைப் பார்க்காமலே சீட்டை நீட்டிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். கையால் எழுதும்போதுதான் அடுத்த கேள்வி தோன்றும். அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டேன், உங்களுக்கு வசதி எதுவோ செய்யுங்கள்.

வாசல்மேசை:
இன்று ஒரு பெரியவருக்கு எழுதிக்கொடுத்தேன். வில்லங்கச் சான்று கையில் வைத்துக்கொண்டு பட்டா கேட்டு வந்தவர். ஓரமாக அழைத்து, காகிதம் பார்த்து, சீட்டு கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் கையை விட்டு "எவ்வளவுங்க?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்றதும் முகம் வாடிவிட்டது. "அப்ப நடக்காதுங்களா?" என்று கேட்கிறார்.

டோக்கன் 27:
அதுக்கு என்ன சொன்னீர்கள்?

வாசல்மேசை:
"நடக்கும்யா, போயிட்டு வாங்க" என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. வாசல் வரை போய் சீட்டை இன்னொருமுறை பிரித்துப் பார்த்தார்.